"நல்லா இருந்துச்சு சார்"னு மட்டும் பதில் வருதா? ட்ரெய்னிங் ஃபீட்பேக்ல என்ன பழுது, எப்படி சரி பண்றது

தொண்டிலேர்ந்து மண்டபம், பாம்பன் வரைக்கும் நம்ம கடக்கரைல வருசம் பூரா ஏதாவது ஒரு ட்ரெய்னிங் நடந்துக்கிட்டேதான் இருக்கு, பாசி வளர்ப்பு, கருவாடு பேக்கிங், மீனுக்கு ஐஸ் அடிக்கிற முறை, படகுல ஜிபிஎஸ் பாக்குறதுன்னு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம்னா சொல்லவே வேணாம், ஆம்பளைகளும் ஊருக்குள்ளயே இருப்பாங்க, வாரத்துக்கு ஒரு பேனர் கட்டிருவாங்க. எல்லாத்துக்கும் கடைசில ஒரு ஃபீட்பேக் ஃபார்ம் உண்டு. அந்த ஃபார்ம படிச்சுட்டு அடுத்த ட்ரெய்னிங்ல ஒரு விசயத்தையாவது மாத்துனவங்கள நான் அதிகம் பாத்ததில்ல, மாத்துறதுக்கு அதுல ஒண்ணும் இருக்காதுங்கிறதுதான் காரணம்.

இது ட்ரெய்னிங் குடுக்குறவங்களுக்காக எழுதுறது. உங்களுக்கு என்ன மாதிரி பதில் வருதுன்னு பாத்து அந்த இடத்துக்கு நேரா போயிருங்க. உதாரணத்துக்கு எல்லா இடத்துலயும் ஒரே ட்ரெய்னிங்தான் எடுத்துக்கப் போறேன், எங்ககூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் மண்டபம் பக்கத்துல மகளிர் குழு அக்காமாருக்கு எடுத்த பாசி வளர்ப்பு பயிற்சி. அவன் ஃபார்ம் கட்ட கொண்டாந்து "அண்ணே, எல்லாம் மிக நன்றுதான், ஆனா மூணு மாசம் கழிச்சும் ஒரு மிதவை கூட இறங்கல"ன்னான்.

பாசி வேலை தெரியாதவங்களுக்கு சுருக்கமா: நம்ம பக்கம் பெப்சி பாசின்னு சொல்ற கப்பாஃபைகஸ்ங்கிற கடல்பாசி. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, அதுல 20 கயிறு, கயித்துக்கு 20 துண்டு, துண்டு ஒண்ணு 150 கிராம், ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி. ஓரா மீன் வந்து கடிச்சுட்டு போகாம இருக்க அடியில ஒரு வலை. கடல்ல இறக்கி நங்கூரம் போட்டு 45 நாள் விட்டு அறுக்கணும். இவ்வளவுதான், கீழ வர்றதுக்கு இது போதும்.

வர்ற பதில்: "சூப்பர் சார்", "மிக நன்று", அஞ்சுக்கு அஞ்சு

இதுதான் ரொம்ப சகஜமான கோளாறு, அதனால இதுல கொஞ்சம் நேரம் நிப்போம்.

தம்பியோட ஃபார்ம்ல இருந்த கேள்விங்க இதுதான். பயிற்சி எப்படி இருந்தது? பயிற்சியாளர் தெளிவாகவும் சுவாரசியமாகவும் விளக்கினாரா? பயிற்சி உங்களுக்கு பயனுள்ளதாக இருந்ததா? உணவு, தேநீர் எப்படி? வேறு கருத்துகள்?

நம்ம ஊர்ல வீட்டுக்கு வந்து சாப்பிட்டவங்ககிட்ட "சாப்பாடு எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா என்ன பதில் வரும்? உப்பு கூடன்னு எவனாவது சொல்லுவானா? இதே கததான். முதல் மூணு கேள்வியும் அந்தத் தம்பியப் பத்தினது. காலைலேர்ந்து வெயில்ல நின்னு கத்திக்கிட்டு இருந்த புள்ள, அவனப் பத்தி கேட்டா அக்காமாரு மரியாதையத்தான் எழுதுவாங்க. ரெண்டாவது கேள்வில இன்னொரு வம்பும் இருக்கு, தெளிவுங்கிறது வேற சுவாரசியங்கிறது வேற, ரெண்டையும் ஒண்ணாக் கேட்டா ஆமாங்கிறது எதுக்குன்னு உங்களுக்கே தெரியாது. சிரிக்கச் சிரிக்கப் பேசிட்டு ஒண்ணும் புரியவைக்காமப் போற ஆளுங்க நிறைய.

கேள்விய ஆள் மேலேர்ந்து எடுத்து வேலை மேல வைக்கணும், சரி பண்றது அவ்வளவுதான். அவங்க நாளைக்கு கையால என்ன செய்யப் போறாங்களோ அத மனசுல ஓட்டிப் பாத்து பதில் சொல்ற மாதிரி கேக்கணும். அந்த ஃபார்ம நாங்க இப்படி மாத்துனோம்:

"நாளைக்கு காலைல கூட யாரும் இல்லாம, உங்க குழு மட்டும் ஒரு மிதவை கட்டி இறக்கணும். எந்த வேலை வர்றப்ப கை நின்னுரும்? நிக்கிறதெல்லாத்துக்கும் டிக் போடுங்க: மூங்கில் மூலை கட்டுறது / கயித்துல துண்டு கட்டுறது / அடிவலை கட்டுறது / மிதவைய தண்ணிக்குள்ள தள்ளிக்கிட்டு போறது / நங்கூரம் போடுறது / இடையில போய் பாசிய அலசி விடுறது / எதுலயும் நிக்காது."

"இன்னைக்கு காமிச்சதுல எத உங்க ஊர்க் கடல்ல செய்ய முடியாதுன்னு நெனைக்கிறீங்க? ஏன்?"

"இருபதாம் நாள் போய் பாக்குறீங்க, பாசி நுனியெல்லாம் வெள்ளையா சொத சொதன்னு இருக்கு. முதல்ல என்ன செய்வீங்க?"

மூணே கேள்விதான். முதல்ல "எத்தன மார்க்"ங்கிறத எடுத்துட்டோம், ஏன்னா 3க்கும் 4க்கும் என்ன வித்தியாசம்னு போடுறவங்களுக்கும் தெரியாது, கூட்டி சராசரி எடுக்குறவங்களுக்கும் தெரியாது. அதுக்குப் பதிலா வேலையோட பேரையே வச்சோம். "கை நின்னுரும்"னு எழுதுனதுல ஒரு சௌகரியம் இருக்கு, "புரியல"ன்னு டிக் போடுறதுக்கு வெக்கப்படுறவங்க கூட இதுக்கு போட்டுருவாங்க, ஏன்னா கை நிக்கிறது அறிவுக்குறைவு இல்ல. இன்னொண்ணும் கவனிங்க, "எதாவது கஷ்டமா இருக்கா"ன்னு கேக்கல. அப்படிக் கேட்டா "இல்ல சார்"ங்கிற வாசல் தெறந்தே இருக்கும். இங்க "எந்த வேலைல"ன்னு கேட்டதுனால ஏதோ ஒண்ணு நிக்கத்தான் செய்யும்ங்கிறத நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. அதுக்காக "எதுலயும் நிக்காது"ங்கிறத எடுத்துறாதீங்க, உண்மையிலயே நிக்காதவங்கள பொய் சொல்ல வச்ச மாதிரி ஆயிரும்.

அதே பயிற்சிய இன்னொரு ஊர்ல எடுத்தப்ப இந்த ஃபார்ம்தான் போச்சு. மூங்கில் கட்டுறதுலயும் துண்டு கட்டுறதுலயும் டிக் ரொம்பக் கம்மி. அடிவலைலயும் நங்கூரத்துலயும் குமிஞ்சு கெடந்துச்சு. யோசிச்சுப் பாத்தா காரணம் சாதாரணம். செஞ்சு பாக்க குடுத்த மிதவைல அடிவலைய முன்கூட்டியே கட்டி வச்சிருந்தாங்க, நேரம் மிச்சமாகட்டும்னு. நங்கூரத்த ஹால்ல ஸ்லைடுல ஒரு படமா காமிச்சுட்டு போயிட்டாங்க. அக்காமாரு கையால தொட்டது எதுவோ அதுல கை நிக்கல, தொடாததுல நிக்குது. "பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா"ன்னு நூறு தடவ கேட்டாலும் இது வெளிய வந்திருக்காது.

ரெண்டாவது கேள்விக்கு வந்த பதில்ல ஒண்ணு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, பேனா அழுத்தி எழுதிருந்துச்சு: "நங்கூரம் போட வத்தை வேணும் வத்தை எங்க வீட்டுக்காரரு கிட்ட இருக்கு அவரு வரலையே". அதாவது படகு வச்சு நங்கூரம் போடுற ஆளு ட்ரெய்னிங்லயே இல்ல. தம்பி அடுத்த பயிற்சிய தடைக்காலத்துக்கு தள்ளி, மத்தியானம் ஒரு மணி நேரம் வீட்டுக்காரங்களையும் கரைக்கு வரச்சொன்னான்.

மூணாவது கேள்வி பாக்க பரீட்சை மாதிரி இருக்கும், ஆனா மார்க் போடாதீங்க, பேரும் கேக்காதீங்க. வெளுத்துப் போறதுங்கிறது பாசி நோகுதுங்கிறதுக்கு அடையாளம், தண்ணி சூடாகுறது, மழைத்தண்ணி கலந்து உப்பு கொறையுறது, ஓட்டம் இல்லாம நிக்கிறதுன்னு பல காரணம், வெளுத்தத அறுத்து எடுத்துட்டு நல்லத காப்பாத்தப் பாக்கணும். இத நீங்க சொல்லிக் குடுத்தீங்க, அவங்க தலையாட்டுனாங்க. ஆனா பாதிப்பேரு "மருந்து அடிப்போம்"னு எழுதுனா? அங்கதான் உங்களுக்கு ஃபீட்பேக் கெடைக்குது, அந்தப் பகுதி போய்ச் சேரலன்னு. டொனால்ட் கிர்க்பாட்ரிக்னு ஒருத்தர் 1959லயே பயிற்சிய அளக்குறதுக்கு நாலு படி சொல்லிட்டாரு: பிடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, போய் செய்றாங்களா, செஞ்சதுனால பலன் வந்துச்சா. நம்ம ஃபார்ம் பூரா முதல் படிலயே உக்காந்துருக்கும். ஒரு சிச்சுவேஷன் குடுத்து கேக்குறது உங்கள ரெண்டாவது படிக்கு ஏத்திவிடும், ஒரே ஒரு கேள்வி செலவுல.

வர்ற பதில்: எல்லா ஃபார்மும் ஒரே கையெழுத்து, ஒரே வார்த்தை

ஃபார்ம் கட்ட பிரிச்சா அச்சு அடிச்ச மாதிரி ஒரே பதிலா? அப்ப கேள்விய குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஃபார்ம் எங்க வச்சு எப்ப நெரப்புனாங்கன்னு விசாரிங்க. அனேகமா இப்படித்தான் நடந்திருக்கும்: சாயங்காலம், பஸ்ஸுக்கு நேரமாச்சு, படிக்காசுக்கு கையெழுத்து வாங்குற மேசை, அதே மேசைல ஃபார்ம். காசு குடுக்குற ஆளு முன்னாடி நின்னுக்கிட்டு யாரு சுமார்னு போடுவா? எழுதத் தெரிஞ்ச புள்ள ஒண்ணு பத்துப் பேருக்கு சேத்து நெரப்பியிருக்கும், மத்தவங்க கையெழுத்தோ கைநாட்டோ வச்சுட்டு போயிருப்பாங்க.

ரெண்டு மேசையையும் பிரிங்க. ஃபீட்பேக்க கடைசிக்கு தள்ளாம சாயங்கால டீக்கு முன்னாடி பத்து நிமிசம் அதுக்குன்னே ஒதுக்குங்க, அதுக்கப்புறமும் ஒரு சின்ன வகுப்பு பாக்கி இருக்கட்டும், அப்பத்தான் யாரும் செருப்பத் தேடிக்கிட்டு எழுத மாட்டாங்க. ட்ரெய்னிங் எடுத்தவரு அந்தப் பத்து நிமிசம் வெளிய போயிரணும். நெசமாவே வெளிய, ஓரமா நின்னு போன் நோண்டுறது கணக்குல வராது. ஃபார்ம வாங்குறது வேற ஆளா இருக்கணும், முடிஞ்சா அந்த ஊர்ப் பொண்ணு.

எழுதப் படிக்க சங்கடப்படுறவங்க நிறைய இருந்தா பேப்பரே வேணாம். மேல சொன்ன ஆறு வேலைக்கும் ஆறு படம், "எதுலயும் நிக்காது"ங்கிறதுக்கு ஒரு படம்னு ஒட்டி கீழ ஏழு டப்பா வச்சு, ஆளுக்கு மூணு சோழி குடுத்து, எதுல கை நிக்குமோ அதுல போடச்சொல்லுங்க. டப்பாவுக்கு மூடி இருக்கணும், இல்லாட்டி முன்னாடி போட்டவங்க எதுல போட்டாங்கன்னு பாத்து அதுலயே போடுவாங்க. சோழிய எண்ணுனா அஞ்சு நிமிசத்துல உங்களுக்கு படம் கெடைச்சுரும்.

வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்றதும் நல்ல வழிதான், டைப் பண்ணச் சொன்னா ஒரு கட்டை விரல் மட்டும் வர்ற இடத்துல வாய்ஸ்ல ரெண்டு நிமிசம் பேசுவாங்க. ஆனா அது யாரு குரல்னு தெரிஞ்சிரும். ஆகவே வேலையப் பத்தி கேக்குறதுக்கு சரி, உங்களப் பத்தியோ குழுத் தலைவியப் பத்தியோ குறை சொல்ல வேண்டிய கேள்விக்கு அது ஆகாது. குரூப்ல போடச் சொல்லாதீங்க, தனியா அனுப்பச் சொல்லுங்க.

வர்ற பதில்: வாயே தெறக்கல, இல்லன்னா தலைவி மட்டும் பேசுறாங்க

"யாருக்காவது டவுட் இருக்கா?" கேட்டுட்டு ரெண்டு செகண்டு பாத்துட்டு "சரி அடுத்த ஸ்லைடு". இத கேள்வின்னே எடுத்துக்க முடியாது, கடைய அடைக்கிற சத்தம் மாதிரி. அப்படியே கொஞ்சம் நிப்பாட்டினாலும் முன்வரிசைல குழுத் தலைவி எந்திரிச்சு "எங்க ஆளுகளுக்கு எல்லாம் நல்லா வெளங்கிருச்சு சார், நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாக"ன்னு முடிச்சு வச்சிருவாங்க. அவங்க மேல தப்பில்ல, குழுவுக்கு கெட்ட பேரு வரக்கூடாதுன்னு பாக்குறாங்க. அதுக்கப்புறம் பின்னாடி உக்காந்திருக்குற மதினி "எனக்கு வெளங்கல"ன்னு சொன்னா தலைவிய எதுத்துப் பேசுன மாதிரி ஆயிரும்ல.

இதுக்கு ரெண்டு ரெண்டு பேரா பேசவிடுறதுதான் எனக்குத் தெரிஞ்சு நல்லா வேலை செய்யுது. "பக்கத்துல இருக்குறவங்ககிட்ட ரெண்டு நிமிசம் பேசுங்க, இன்னைக்கு சொன்னதுல எந்த இடம் மங்கலா இருந்துச்சுன்னு ரெண்டு பேரும் சேந்து ஒண்ணே ஒண்ணு சொல்லணும்". அப்புறம் "நீங்க ரெண்டு பேரும் எத சொன்னீங்க"ன்னு பின்வரிசைலேர்ந்து ஆரம்பிங்க. "எனக்கு புரியல"ங்கிறது "நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம்"னு மாறிரும், அதுல தைரியம் வந்துரும். தலைவிக்கும் ஒரு வேலை குடுத்துருங்க, வர்ற பதில போர்டுல எழுதச் சொல்லுங்க, எழுதுற கை இருந்தா பதில் சொல்ற வாய் கொஞ்சம் அடங்கும்.

எந்த இடம் ரொம்ப மங்கல்னு கேக்குறது புதுசு ஒண்ணும் இல்ல, ஹார்வர்டுல புள்ளியியல் பேராசிரியரா இருந்த ஃபிரெடரிக் மோஸ்டெல்லர் வகுப்பு முடியிற நேரத்துல இதத்தான் மாணவர்கள்ட்ட எழுதி வாங்குனாரு, 1989ல அதப் பத்தி எழுதியும் வச்சிருக்காரு. அதுல சூட்சுமம் என்னன்னா ஏதோ ஒரு இடம் மத்ததவிட மங்கலா இருந்தே தீரும், எவ்வளவு நல்லா எடுத்தாலும். ஆக அதச் சொல்றது வாத்தியார குறை சொல்றதா ஆகாது.

வர்ற பதில்: மைக் சரியில்ல, ஃபேன் ஓடல, சாப்பாடு லேட்டு

ஃபார்ம்ல சாப்பாட்டப் பத்தி கேட்டா சாப்பாட்டப் பத்தித்தான் வரும். அது தெரியணும்னா தனியா ஒரு துண்டுச் சீட்டுல ஏற்பாடு பாக்குறவங்க கேட்டுக்கட்டும்.

ஆனா "மைக் கேக்கல"ங்கிறத மட்டும் சும்மா தள்ளிறாதீங்க. ஒரு கேள்வி சேத்துக் கேளுங்க: "எந்த இடத்துல கேக்கல? அந்த நேரத்துல என்ன சொல்லிக்கிட்டு இருந்தாரு?" கடக்கரை ஹாலு, சோழகக் காத்து அடிக்கிற மாசம், ஜன்னல் பூரா தெறந்து கெடக்கும். தம்பி பயிற்சில பின்னாடி உக்காந்திருந்தவங்களுக்கு கேக்காமப் போனது சரியா அந்த 150 கிராம் கணக்கு. அவங்க என்ன பண்ணாங்க, முன்னாடி உள்ளவங்க கட்டுறத எட்டிப் பாத்து கைக்கு வந்த அளவுல கட்டுனாங்க. ஒருத்தர் கட்டுன துண்டு ரெண்டு மடங்கு, இன்னொருத்தரது பாதி. அதுக்கு மைக் மாத்தணும்னு இல்ல, அடுத்த தடவ ஒரு தராசும் சரியான அளவுல ஒடிச்ச ஒரு துண்டும் கைமாத்தி கைமாத்தி பின்வரிசை வரைக்கும் போனா முடிஞ்சுச்சு.

வர்ற பதில்: "இன்னும் கொஞ்சம் விளக்கமா சொல்லிருக்கலாம்"

கூட வேலை பாக்குறவங்க, ஆபீசர்ங்க, படிச்ச ஆடியன்ஸ்கிட்ட இதுதான் அதிகம் வரும். கேக்க உருப்படியா இருக்கும், உக்காந்து திருத்தலாம்னு பாத்தா எங்க கைய வைக்கிறதுன்னு தெரியாது.

உடனே "எதுல விளக்கம் பத்தல?"ன்னு கேக்கலாம், ஆனா அதுக்கு பெரும்பாலும் "பொதுவாத்தான் சொன்னேன்"னு வரும். ஏன்னா அவங்க மனசுல இருக்குறது ஒரு உணர்வு, இடம் இல்ல. ஸ்லைட வரிசையா காமிச்சுக்கிட்டே "இதுல எந்த எடத்துல அடுத்து என்னன்னு தேட ஆரம்பிச்சீங்க?"ன்னு கேளுங்க, ஒரு ஸ்லைடுல விரல் நிக்கும். விரல் நின்ன பிறகு அடுத்த கேள்வி: "இங்க என்ன வரும்னு எதிர்பாத்தீங்க?" அப்பதான் நெசமான விசயம் வரும், "ஒரு மிதவைக்கு எவ்வளவு செலவுன்னு போடுவீங்கன்னு பாத்தேன், நேரா லாபத்துக்கு போயிட்டீங்க". இது வச்சு வேலை செய்யலாம். இதுல நீங்க செய்யக் கூடாதது ஒண்ணு, "இல்ல சார், அது ஏழாவது ஸ்லைடுல இருக்கு"ன்னு பதிலுக்கு பதில் சொல்றது. இருந்தும் அவருக்கு தெரியலங்கிறதுதான் தகவல். எழுதிக்கிட்டு "வேற எங்கயாவது?"ன்னு கேளுங்க, வாதாடினா அந்த நிமிசமே அவரு "மத்தபடி நல்லா இருந்துச்சு"க்கு போயிருவாரு.

இதவிட நல்ல வழி பேசுறதுக்கு முன்னாடியே ஆளப் புடிச்சு வைக்கிறது. பிரசன்டேஷனுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட "நான் செலவுக் கணக்கு சொல்ற இடத்துல மட்டும் கவனிங்க அண்ணே, யாராவது பக்கத்துல உள்ளவங்ககிட்ட திரும்பி கேக்குறாங்களா, யாரு போன எடுக்குறாங்கன்னு"ன்னு சொல்லி வச்சிருங்க. முடிஞ்சப்புறம் "எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா அவரு ஞாபகத்துலேர்ந்து ஏதோ சொல்வாரு, முன்னாடியே ஒரு இடத்த குடுத்துட்டா அவரு பாத்தத சொல்வாரு. ஒரு ஆளுக்கு ஒரு இடம் போதும், மூணு இடம் குடுத்தா ஒண்ணையும் பாக்க மாட்டாரு.

வர்ற பதில்: பாதிப்பேரு ரொம்ப வேகம்ங்கிறாங்க, பாதிப்பேரு ரொம்ப மெதுவாங்கிறாங்க

இதுல யாரும் பொய் சொல்லல, ரெண்டு விதமான ஆளுங்கள ஒரே ஹால்ல உக்கார வச்சிருக்கீங்க. ஃபார்ம் தலையில ஒரு வரி சேருங்க: "இதுக்கு முன்னாடி மிதவைல பாசி கட்டியிருக்கீங்களா? கட்டிருக்கேன் / பக்கத்துல இருந்து பாத்திருக்கேன் / இதான் முதல் தடவ". மூணு கட்டா பிரிச்சுட்டு படிங்க. மெதுவுன்னவங்க பூரா முதல் கட்டுல இருப்பாங்க, வேகம்னவங்க மூணாவதுல. சராசரி எடுத்திருந்தா "சரியான வேகம்"னு வந்திருக்கும், அது ஹால்ல ஒருத்தருக்குக் கூட உண்மை இல்ல.

வர்ற பதில்: அன்னைக்கு எல்லாம் வெளங்குச்சு, அப்புறம் ஒண்ணும் நடக்கல

அன்னைக்கே வாங்குற ஃபார்ம் எவ்வளவு நல்லா இருந்தாலும் இதக் காட்டாது, மேல கிர்க்பாட்ரிக் சொன்ன மூணாவது படி, அதாவது போய் செய்றாங்களாங்கிறது, நாள் கழிச்சுதான் தெரியும். பாசின்னா நாள் குறிக்கிறது சுலபம், ஒரு சுத்து 45 நாள், அதனால பத்து நாள் கழிச்சு ஒரு போனு, ஐம்பதாவது நாள் வாக்குல ஒரு போனு. வாடைக்காலத்துல கடல் கொந்தளிக்கிற மாசத்துல பயிற்சி எடுத்திருந்தா இந்தக் கணக்கு செல்லாது, யாரும் மிதவை இறக்க மாட்டாங்க, தை பொறந்து கடல் அடங்குனப்புறம் கேளுங்க.

போன்ல "பாசி கட்டுனீங்களா அக்கா?"ன்னு கேட்டா "கட்டணும் தம்பி"ன்னு வரும், அதோட போச்சு. "எது வரைக்கும் வந்துச்சு?"ன்னு கேளுங்க. மூங்கில் வாங்குனது, விதைப்பாசிக்கு சொன்னது, இறக்குறதுக்கு இடம் பாத்ததுன்னு ஏதோ ஒரு இடத்துல நின்னிருக்கும். அதுக்கடுத்து "அங்க நின்னப்ப யாருகிட்ட கேட்டீங்க, என்ன சொன்னாங்க?" தம்பி இப்படிக் கேட்டப்ப ஒரு அக்கா சொன்னது: "மூங்கி வாங்கிப் போட்டு கெடக்கு தம்பி. விதைப்பாசி அறுபது கிலோ எங்க வாங்குறதுன்னு தலைவிய கேட்டேன், அவுக உங்கள கேக்கச் சொன்னாக, ஒங்க நம்பரு என்கிட்ட இல்ல". இது கத்துக்குடுக்குறதுல உள்ள குறை இல்ல, ஒரு போன் நம்பர் குறை. விதைப்பாசி யார்கிட்ட கெடைக்கும்ங்கிற விவரமும் ஒரு நம்பரும் போட்டு ஒரு அட்டை குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். "பயிற்சிய நடைமுறைப்படுத்துவதில் உள்ள சவால்கள் யாவை"ன்னு ஃபார்ம்ல கேட்டுப் பாருங்க, "நிதி"ன்னு ஒத்த வார்த்தைல வரும்.

மிதவை இறக்கினவங்ககிட்ட கேள்வி வேற. "எப்படிப் போகுது"ன்னு கேக்காம "கடைசியா மிதவைக்கு போனப்ப என்ன பாத்தீங்க, என்ன செஞ்சீங்க?"ன்னு அந்த ஒரு தடவையப் பத்தி மட்டும் கேளுங்க. பொதுவா கேட்டா பொதுவாத்தான் சொல்வாங்க, ஒரு நாளச் சொல்லிக் கேட்டா அன்னைக்கு நடந்தது அப்படியே வரும், பாசி மேல அழுக்கு படிஞ்சிருந்துச்சு, அலசலாம்னு பாத்தோம், கழுத்தளவு தண்ணி, நிக்க முடியலன்னு. எல்லாருக்கும் போன் போட நேரம் இல்லன்னா நாலு பேருக்கு போடுங்க, ரெண்டு பேரு இறக்கினவங்க, ரெண்டு பேரு இறக்காதவங்க. இறக்கினவங்கள மட்டும் கூப்புட்டு பேசிட்டு பயிற்சி வெற்றின்னு ரிப்போர்ட் எழுதுற பழக்கம் இருக்கு, அதுக்கு போன் பில்லே தண்டம்.

வர்ற பதில்: முதல் தடவ நல்லா எழுதுனாங்க, அடுத்த தடவ வெத்து ஃபார்ம்

போன தடவ எழுதுனது எங்க போச்சுன்னு அவங்களுக்கு தெரியல. அடுத்த பயிற்சி ஆரம்பிக்கிறப்ப வரவேற்புரைய ரெண்டு நிமிசம் கொறைச்சுட்டு இத சொல்லுங்க: "போன தடவ நீங்க எழுதுனதுல நங்கூரமும் அடிவலையும் நிறைய பேரு சொல்லிருந்தீங்க, இன்னைக்கு மத்தியானம் ரெண்டையும் தண்ணிலயே இறங்கி செய்யப்போறோம். கருவாட்டு வகுப்பையும் சேக்கச் சொல்லிருந்தீங்க, அது இந்தத் தடவ முடியல, அதுக்கான ஆளு கெடைக்கல." முடியாததையும் சேத்துச் சொல்றது முக்கியம், நடந்தத மட்டும் சொன்னா விட்டுப்போனத எழுதுனவங்க தங்களோட சீட்டு குப்பைக்கு போச்சுன்னே நெனைப்பாங்க. சொல்றப்ப "இந்த அக்கா சொன்னாங்க"ன்னு ஆளக் காமிக்காதீங்க, பேர் இல்லாமத்தான வாங்குனீங்க, பாராட்டுறதுக்காகக் காமிச்சாலும் அடுத்த தடவ அவங்களும் எழுத மாட்டாங்க, பக்கத்துல உக்காந்திருக்குறவங்களும் எழுத மாட்டாங்க.